சாலையோரத்தில் எத்தனை மணிக்கு நின்றால் நம் ஆளைப் பார்க்கலாம்?

கேள்வி: என் தங்கை வரும் ஞாயிறு முதல்முறையாக முழு மாரத்தான் ஓடுகிறாள். பந்தயம் காலை 6:00 மணிக்கு, அவளுடைய வேவ் 6:20க்கு. கிலோமீட்டருக்கு 6:30 பேஸில் ஓடுவேன் என்கிறாள். அம்மா அப்பாவோடு 12ஆவது கிலோமீட்டரிலும் 32ஆவது கிலோமீட்டரிலும் நிற்கலாம் என்று இருக்கிறோம். போன தடவை அரை மாரத்தானில் கணக்குப் போட்டுப் போயும் பார்க்க முடியாமல் போய்விட்டது. எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும்?

பதில்:

12ஆவது கிலோமீட்டரில் 7:30க்கெல்லாம் நின்றுவிடுங்கள். 7:35 முதல் 8:00 வரை சாலையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். 32இல் 9:40 முதல் 10:25 வரை. ஆனால் இந்த இரண்டாவது நேரத்தை இப்போதே கல்லில் எழுதிவிட வேண்டாம். 12இல் தங்கையைப் பார்த்த நிமிடத்தில் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும், அப்போது அது பாதியாகச் சுருங்கிவிடும். இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் அன்று காலையில் எது மாறினாலும் நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

முதலில், எந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குவது? தவறவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். 6:00 என்பது முதல் ஆள் புறப்படும் நேரம். 6:20 என்பது உங்கள் தங்கையின் வேவுக்கு, அதாவது அவர் சேர்ந்து புறப்படும் கூட்டத்துக்குச் சைகை கொடுக்கும் நேரம். இரண்டுமே அவர் ஓடத் தொடங்கும் நேரம் அல்ல. வேவின் பின்பகுதியில் நின்று பார்த்தால் இது புரியும். முன்னால் எங்கோ வெடிச்சத்தம் கேட்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், ஆனால் யாரும் நகர மாட்டார்கள். அரை நிமிடம் கழித்து முன்னால் இருப்பவரின் முதுகு ஓரடி விலகும். அப்புறம் நடை, மறுபடி ஒரு நிற்றல், மறுபடி நடை. தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் மேட் மீது கால் படும்போதுதான், மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டையான பிப்பில் ஒட்டியிருக்கும் சிப் பதிவாகிறது. ஓட்டக்காரரின் கடிகாரமும் அங்கேதான் தொடங்குகிறது. அவர் சொல்கிற 6:30 பேஸ் அந்த நொடியிலிருந்துதான் பொருந்தும்.

சைகைக்கும் மேட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகும் என்பது வேவில் எத்தனை பேர், சாலை எவ்வளவு அகலம், தங்கை எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. முன்வரிசை என்றால் சில நொடிகள். பெரிய பந்தயத்தில் பின்வரிசை என்றால் 5 முதல் 8 நிமிடம் எளிதாகப் போய்விடும். ஊகிக்க வேண்டாம், போன அரை மாரத்தானின் முடிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் கன் டைம், நெட் டைம் என்று இரண்டு நேரங்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் கோட்டைத் தொடுவதற்கு முன் செலவழித்த நேரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில பந்தயங்களில் கன் டைம் அந்தந்த வேவின் சைகையிலிருந்து எண்ணப்படும், சிலவற்றில் முதல் வேவின் சைகையிலிருந்தே எண்ணப்படும். வித்தியாசம் 5 நிமிடம் போல வந்தால் முதல் வகை. 25 நிமிடம் போல வந்தால் இரண்டாவது வகை, அதில் வேவின் தாமதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணக்குக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆக, தங்கை ஓடத் தொடங்கும் நேரம் 6:25.

இனி பெருக்கல். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 நொடி என்றால் 12 கிலோமீட்டருக்கு 78 நிமிடம். 6:25உடன் கூட்டினால் 7:43. அதேபோல 32 கிலோமீட்டருக்கு 208 நிமிடம், அதாவது 3 மணி 28 நிமிடம், 9:53.

இந்தச் சின்னப் பெருக்கலில் ஒரு குழி இருக்கிறது. 6:30ஐக் கால்குலேட்டரில் 6.30 என்று தட்டிவிடுவார்கள். 6 நிமிடம் 30 நொடி என்பது 6.5 நிமிடம். 6.30 என்று போட்டால் அது 6 நிமிடம் 18 நொடிதான். 32 கிலோமீட்டரில் ஆறு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். இந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: ஓட்டக்காரர் உண்மையில் வருவதைவிடச் சீக்கிரமாகவே வருவார் என்று சொல்லும். சீக்கிரம் போய் நிற்பதில் என்ன நஷ்டம் என்று தோன்றும். நஷ்டம் போய் நிற்பதில் இல்லை, "நேரம் தாண்டிவிட்டது, போயிருப்பாள்" என்று முடிவு கட்டி அங்கிருந்து கிளம்புவதில் இருக்கிறது. போன தடவை உங்களுக்கு நேர்ந்தது இதுவாகவோ, வேவின் நேரத்துக்குப் பதில் பந்தயம் தொடங்கும் நேரத்திலிருந்து எண்ணியதாகவோ இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டுமே ஒரே மாதிரிதான் முடியும். ஆள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நாம் கிளம்பிவிடுவோம். விரிதாளில் போடுவதாக இருந்தால் இப்படி எழுதினால் அந்தக் குழப்பமே வராது:

```
=TIME(6,25,0)+12*TIME(0,6,30)
```

அந்தக் கட்டத்தை நேர வடிவத்துக்கு மாற்றினால் 7:43 என்று காட்டும். 12ஐ 32 ஆக்கினால் 9:53.

பேஸ் கிலோமீட்டருக்கா மைலுக்கா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் கடிகாரத்தை மைலில் வைத்திருப்பார்கள். கிலோமீட்டருக்கு 6:30 என்பது மைலுக்கு ஏறக்குறைய 10:28.

இப்போது கையில் 7:43, 9:53 என்று இரண்டு நேரங்கள் இருக்கின்றன. இவற்றை அப்படியே நம்பக்கூடாது. காரணம் தங்கை அல்ல, அவருடைய கையில் இருக்கும் கடிகாரம்.

பந்தயப் பாதையை அளக்கிறவர்கள், சரிபார்த்த அளவுமானி பொருத்திய சைக்கிளில் ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அந்தக் கோடு போகும். பாதை எந்த விதத்திலும் குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். முழு மாரத்தானுக்கு அதுவே 42 மீட்டர். ஆனால் கூட்டத்தில் ஓடுகிற ஒருவரால் அந்தக் குறுகிய கோட்டில் ஓட முடியாது. மெதுவாகப் போகிறவரைச் சுற்றி விலகுவார், தண்ணீர் எடுக்க ஓரத்துக்குப் போய்த் திரும்பி நடுவுக்கு வருவார், வளைவை வெளிப்பக்கமாக எடுப்பார். எல்லாம் சேர்ந்து 42.195க்குப் பதில் 42.6 என்று கடிகாரம் காட்டுவது சாதாரணம். அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று கூடுதல். கடிகாரத்தில் 6:30 என்று பார்த்துக்கொண்டே ஓடினாலும், சாலையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகைகளின் கணக்கில் அவர் 6:34இல்தான் போய்க்கொண்டிருப்பார். நீங்கள் நிற்பது பலகையின் கணக்கில். அவர் சொல்வது கடிகாரத்தின் கணக்கில். 12இல் இது ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், 32இல் இரண்டு நிமிடம்.

அதோடு முதல் கிலோமீட்டர். வேவின் பின்பகுதியில் புறப்படுகிறவர் முதல் கிலோமீட்டரில் தன் பேஸில் ஓடவே முடியாது, முன்னால் இடம் இருக்காது. அதற்கு ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தால் எதிர்பார்க்கும் நேரம் 12இல் 7:45, 32இல் 9:56 என்று நகர்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதற்கு அப்புறம்தான். இந்த 7:45 ஒரு நேரம் அல்ல, ஒரு ஜன்னலின் நடுப்பகுதி. நீங்கள் கணக்குப் போட வேண்டியது அந்த ஜன்னல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதை. இரண்டு ஓரங்களும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்காது. ஓட்டக்காரர் தான் சொன்னதைவிடச் சீக்கிரமாக வருவதற்கு வழிகள் குறைவு: முன்வரிசையில் நின்றிருக்கலாம், உற்சாகத்தில் கொஞ்சம் வேகமாகப் புறப்பட்டிருக்கலாம். அவ்வளவுதான். தாமதமாக வருவதற்கோ வழிகள் நிறைய. வேவையே சில நிமிடம் நிறுத்திவைத்திருக்கலாம், கழிப்பறை வரிசையில் நின்றிருக்கலாம், ஷூ கயிறு அவிழ்ந்திருக்கலாம், வெயில் ஏறியிருக்கலாம், கால் பிடித்திருக்கலாம். அதனால் முன்பக்கத்துக்குக் குறுகலாகவும் பின்பக்கத்துக்குத் தாராளமாகவும் ஒதுக்க வேண்டும்.

முன் ஓரத்துக்கு எல்லாமே சாதகமாக நடப்பதாக வையுங்கள். 6:20க்கே மேட்டைத் தாண்டுகிறார், கிலோமீட்டருக்கு 15 நொடி வேகமாக, 6:15இல் ஓடுகிறார். 12 கிலோமீட்டருக்கு 75 நிமிடம். 7:35. இதற்கு முன் அவர் வர வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். பின் ஓரத்துக்கு எல்லாம் தாமதமாக: வேவ் நான்கு நிமிடம் தள்ளிப்போகிறது, அவர் கோட்டை அடைய இன்னும் எட்டு நிமிடம், ஆக 6:32. பேஸ் 6:50. 12 கிலோமீட்டருக்கு 82 நிமிடம், 7:54. கழிப்பறைக்கு 4 நிமிடம். 7:58. அதைத்தான் 8:00 என்று முழுமையாக்கினேன்.

32இல் அதே கணக்கைப் போட்டால் முன் ஓரம் 6:20 + 200 நிமிடம், 9:40. பின் ஓரத்துக்கு 6:50 பேஸ் மட்டும் போதாது. முழு மாரத்தானில் 25 கிலோமீட்டருக்கு மேல் பலருக்கு வேகம் இறங்கும், முதல்முறை ஓடுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக. தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோவதைத்தான் ஓட்டக்காரர்கள் சுவரில் மோதினேன் என்கிறார்கள். 30 கிலோமீட்டரைச் சுற்றித்தான் அது பெரும்பாலும் நடக்கும். அதனால் கடைசி 8 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் 8 நிமிடம் கூட்டுகிறேன். 6:32 + 219 + 8 + 4 நிமிடம். 10:23.

12இல் 23 நிமிட ஜன்னல், 32இல் 43 நிமிட ஜன்னல். தூரம் கூடக் கூட ஜன்னல் இப்படித்தான் அகலும். 32இல் 43 நிமிடம் நின்ற இடத்தில் நின்று, ஓடிவரும் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பது பெரியவர்களுக்குச் சுலபம் இல்லை. அதனால்தான் முதல் இடத்தில் பார்ப்பதை ஒரு அளவீடாகவும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

தங்கை 12ஆவது கிலோமீட்டரில் 7:48க்கு உங்களைக் கடக்கிறார் என்று வையுங்கள். கையசைத்து முடித்ததும் முதல் வேலையாக மணியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் வந்தவுடன் தொடக்கத் தாமதம் என்ற கேள்வியே அழிந்துபோகிறது. வேவ் எப்போது கிளம்பியது, மேட்டை எப்போது தாண்டினார், முதல் கிலோமீட்டர் நெரிசல், எல்லாம் அந்த 7:48க்குள் அடங்கிவிட்டன. இனி மிச்சம் 20 கிலோமீட்டர் மட்டும். முன் ஓரம் 6:15 பேஸில் 125 நிமிடம், 9:53. பின் ஓரம் 6:50 பேஸில் 137, அதோடு கடைசிப் பகுதியின் 8, நிறுத்தத்துக்கு 4; மொத்தம் 149 நிமிடம், 10:17. 43 நிமிடமாக இருந்தது 24 ஆகிவிட்டது.

அவர் கோட்டைத் தாண்டிய நேரமும் தெரிந்தால் நடுப்பகுதியையும் கூர்மையாக்கலாம். பந்தயச் செயலியில் 6:27 என்று பதிவாகியிருந்தால், 12 கிலோமீட்டருக்கு 81 நிமிடம். நெரிசல் நிமிடம் ஒன்றைக் கழித்தால் 80. அதாவது அவருடைய உண்மையான பேஸ் 6:40. சொன்ன 6:30ஐ மறந்துவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 20 × 6:40, 133 நிமிடம். 10:01ஐச் சுற்றி எதிர்பார்க்கலாம். அவர் சொன்ன பேஸ் ஒரு ஆசை. ஓடிக்காட்டிய பேஸ் ஒரு சான்று. இரண்டும் முரண்பட்டால் சான்றின் பக்கம் போவதுதான் சரி.

அந்த ஆசை எவ்வளவு நியாயமானது என்று இப்போதே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் கொடுத்த சூத்திரப்படி, தூரம் இரட்டிப்பானால் நேரம் 2 மடங்கு ஆகாது, ஏறக்குறைய 2.085 மடங்கு ஆகும். தங்கை அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடித்திருந்தால், 130ஐ 2.085ஆல் பெருக்க 271 நிமிடம்; முழு மாரத்தானுக்குக் கிலோமீட்டருக்கு 6:25. அப்படியானால் 6:30 என்பது நடக்கக்கூடியதுதான். அரை மாரத்தான் 2:20க்கு மேல் போயிருந்தால் பின் ஓரத்தை இன்னும் தள்ளி வையுங்கள். நீண்ட தூரப் பயிற்சி குறைவாக இருப்பவர்களுக்கு இந்தச் சூத்திரம் உண்மையில் ஆவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே நேரம் சொல்லும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியைப் பற்றி. வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே வரும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சிப்பை நம்பியிருக்கும் செயலிகளில் அந்தப் புள்ளி பெரும்பாலும் ஒரு கணிப்புதான். சிப் பதிவாவது மேட் இருக்கும் இடங்களில் மட்டும். பெரிய பந்தயங்களில் அது பொதுவாக 5 கிலோமீட்டருக்கு ஒன்று. நடுவில் செயலி செய்வதும் நாம் செய்யும் அதே பெருக்கல்தான்: கடைசி மேட்டில் வந்த பேஸை வைத்துப் புள்ளியை நகர்த்தும். ஓட்டக்காரர் 31ஆவது கிலோமீட்டரில் கால் பிடித்து நின்றாலும் புள்ளி சந்தோஷமாக ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் முன்னால் வந்து தாண்டியும் போய்விடும். அதனால் புள்ளியைப் பார்க்காதீர்கள், மேட் பதிவைப் பாருங்கள். 30ஆவது கிலோமீட்டர் மேட்டை 9:50க்குத் தாண்டினார் என்று வந்தால், மிச்சம் இரண்டு கிலோமீட்டர்தான். 12இலிருந்து 30 வரை 18 கிலோமீட்டருக்கு 122 நிமிடம், பேஸ் 6:47. அதே வேகத்தில் வந்தால் 10:03 தாண்டி, சோர்ந்து 8:00 பேஸுக்கு இறங்கியிருந்தால் 10:06. இப்போது ஜன்னல் மூன்று நிமிடம். ஆனால் கூட்டம் நிறைந்த சாலையில் கைபேசி இணைப்பு திணறும், பதிவு உங்களுக்கு வந்து சேர்வதற்குள் ஆள் வந்துவிடுவதும் உண்டு. அதனால் 24 நிமிட ஜன்னலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு வந்தால் சுருக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, செயலி பெரும்பாலும் காட்டுவது நெட் டைம். 10 கிலோமீட்டர், 1:07:40 என்று வந்தால் அது அவர் கோட்டைத் தாண்டியதிலிருந்து ஆன நேரம். 6:27உடன் கூட்டினால்தான் கைக்கடிகார நேரம் கிடைக்கும்: 7:34:40. அதிலிருந்து 2 கிலோமீட்டர், 13 நிமிடம் 20 நொடி, சரியாக 7:48. வழியில் வைத்திருக்கும் பெரிய மின்கடிகாரங்கள் பெரும்பாலும் முதல் சைகையிலிருந்து ஓடுபவை. தங்கை அதைக் கடக்கும்போது அது காட்டும் நேரம் அவருடைய நெட் டைமைவிட 27 நிமிடம் அதிகமாக இருக்கும். அதைப் பார்த்து "ரொம்ப மெதுவாக வருகிறாளே" என்று கவலைப்பட வேண்டாம்.

நின்ற இடத்திலிருந்தே, எந்தச் செயலியும் இல்லாமல், ஜன்னல் திறந்துவிட்டதா என்று சொல்ல ஒரு அடையாளம் இருக்கிறது. பிப்பைப் பாருங்கள். வேவுக்கு ஒரு நிறமோ எழுத்தோ எண் வரிசையோ பெரும்பாலும் இருக்கும். தங்கையின் பிப் என்ன நிறம் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நிறம் அங்கொன்று இங்கொன்றாக வரத் தொடங்கினால் அவருடைய வேவின் வேகமானவர்கள் வருகிறார்கள். அந்த நிறமே அதிகமாக வந்தால் நீங்கள் ஜன்னலின் நடுவில் இருக்கிறீர்கள். அந்த நிறம் அருகி, பின்னால் வந்த வேவின் நிறம் மிகுந்தால் தாமதமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறித்த நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில், கொடியோ பலூனோ பிடித்து ஓடும் பேசர்களும் உதவுவார்கள். 6:30 பேஸ் என்றால் முழுத் தூரத்துக்கு 4 மணி 34 நிமிடம். 4:30 பேசருக்குச் சற்றுப் பின்னால் தங்கை இருப்பார். ஆனால் அந்தப் பேசர் எந்த வேவில் புறப்பட்டவர் என்று தெரிந்தால்தான் இது உதவும். முதல் வேவோடு புறப்பட்ட 4:30 பேசர் உங்களைத் தாண்டும்போது தங்கை வருவதற்கு இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் இருக்கும். அவரைப் பார்த்துவிட்டு "பின்னாடியே வருவாள்" என்று காத்திருந்து, கொஞ்ச நேரத்தில் மனம் தளர்ந்து கிளம்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிற்கும் இடத்தின் தூரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்தது பயன்படாது, பாதையின் வழியே அளக்க வேண்டும். 12ஆவது பலகையிலிருந்து 200 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு நிமிடம் 18 நொடி மாறும். அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் பாதை போய்த் திரும்பி வருவதாக இருந்தால், ஒரே இடம் இரண்டு தூரமாக இருக்கும். புறப்பட்ட இடத்திலேயே முடியும் நேர்ப்பாதையில் 12ஆவது கிலோமீட்டர் இருக்கும் இடமேதான் திரும்பும்போது 30.2. உங்கள் பந்தயம் அப்படி என்றால் 32ஐத் தேடிப் போகவே வேண்டாம், சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொண்டால் போதும். அந்தச் சாலையை எங்கே கடக்க விடுவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், பந்தயம் நடக்கும்போது இரண்டு பக்கமும் தடுப்பு இருக்கும்.

சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் நின்றும் தவறவிடுவதற்கு இன்னொரு காரணம், பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. 6:30 பேஸ் என்றால் நொடிக்கு இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். 60 மீட்டர் தூரத்தில் முகம் அடையாளம் தெரிகிறது என்றால், உங்களைக் கடக்க அவருக்கு 23 நொடிதான் ஆகும். அந்த 23 நொடியில் நீங்கள் கைபேசியில் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிந்தது. மூன்று பேர் இருக்கிறீர்கள். ஒருவர் கைபேசி, ஒருவர் சாலையின் தொலைவு, ஒருவர் அருகில் கடந்துபோகிறவர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேராக நீளும் சாலையில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வருகிறவர்களின் முகத்தில் வெளிச்சம் விழும். தண்ணீர் மேசைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே ஓட்டக்காரர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவார்கள், தலை குனிந்து குடிப்பார்கள், நீங்கள் கத்தினாலும் காதில் விழாது.

தங்கையிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள்: எந்தக் கிலோமீட்டர், எந்தப் பக்கம். பக்கத்தை அவர் ஓடும் திசையை வைத்துச் சொல்லுங்கள், "உன் வலப்பக்கம்" என்று. நீங்கள் அவரைத் தேடுவதைவிட அவர் உங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறீர்கள். அவரோ ஆயிரம் பேரில் ஒருவராக ஓடி வருகிறார். அப்பா கையில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சொன்ன இடத்தில் ஓட்டக்காரரே ஓரத்துக்கு வந்து ஓடுவார்.

கடைசியாக, நேரம் தாண்டியும் வரவில்லை என்றால். சில வருடங்களுக்கு முன் நெருங்கிய நண்பருக்காக 34ஆவது கிலோமீட்டரில் நின்றேன். ஒரே சீரான பேஸில் கணக்குப் போட்டு, அதற்கு மேல் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, தவறவிட்டோம் என்று நினைத்து முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டேன். நான் கிளம்பிய ஆறாவது நிமிடத்தில் அவர் அந்த இடத்தைக் கடந்திருக்கிறார், தொடை பிடித்து, நடந்து. இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே வந்தேன் என்று அப்புறம் சொன்னார். 34இல் நடந்து வருகிறவருக்குத்தான் தெரிந்த முகம் அதிகம் தேவைப்படுகிறது. அன்றிலிருந்து ஜன்னலின் பின் ஓரம் தாண்டாமல் நான் நகர்வதில்லை.

அதனால் 10:17 தாண்டியும் தங்கையைக் காணோம் என்றால், முதலில் 35ஆவது கிலோமீட்டரின் மேட் பதிவைப் பாருங்கள். அதில் அவர் பெயர் வந்திருந்தால் உங்களைக் கடந்துவிட்டார். வருத்தப்பட நேரம் இல்லை, அங்கிருந்து மிச்சம் 7.2 கிலோமீட்டர், 7:30 பேஸ் என்று வைத்தால் 54 நிமிடம், முடிவுக் கோட்டில் முன்வரிசை பிடிக்க அது போதும். 35இல் பெயர் வரவில்லை, 30இல் மட்டும் இருக்கிறது என்றால் அவர் இன்னும் உங்களுக்கு முன்னால்தான் எங்கோ வந்துகொண்டிருக்கிறார், அல்லது தாண்டி இன்னும் மூன்று கிலோமீட்டர் ஆகவில்லை. நடந்தே வந்தால்கூட இரண்டு கிலோமீட்டருக்கு 25 நிமிடம் போதும். 30ஐத் தாண்டிய நேரத்தோடு அந்த 25ஐக் கூட்டுங்கள். அதுவரை அம்மாவை உட்கார வைத்துவிட்டு, நீங்களும் அப்பாவும் சாலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.